பெயரைச் சொல்வதற்கு முந்தைய ஒன்றரை நிமிடம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில், மனைவியை இழந்த ஒருவரை அறிமுகப்படுத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. இழப்புக்குப் பிந்தைய முதல் ஆண்டைப் பற்றி அவர் பேசுவதாக இருந்தது. நான் மிகுந்த அக்கறையோடு தயாரித்தேன். அவர் அனுப்பியிருந்த குறிப்புகளை முழுதும் படித்தேன். மனைவி நோயுற்ற நாளிலிருந்து கடைசி இரவு வரை நடந்ததையெல்லாம் உருக்கமாகச் சொன்னேன். "ஒரே ஆண்டில் துயரத்தை வென்று நம் முன் நிற்கிறார்" என்று முடித்தபோது என் குரல் உடைந்தது, அரங்கில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். நன்றாகச் செய்துவிட்டேன் என்றுகூட அந்த நொடியில் நினைத்தேன்.

அவர் எழுந்து வந்தார். கையிலிருந்த தாள்களைப் பார்த்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சொல்ல வேண்டியதை எல்லாம் இவரே சொல்லிவிட்டார். நான் இன்னும் எதையும் வெல்லவில்லை" என்றார். 30 நிமிடம் பேச வேண்டியவர் 4 நிமிடத்தில் அமர்ந்துவிட்டார்.

அந்த 4 நிமிடங்கள்தான் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தன. அவர் பல மாதங்களாகத் தனக்குள் அடுக்கி வைத்திருந்த கதையை, எந்த இடத்தில் தொடங்க வேண்டும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று அவர் முடிவு செய்து வைத்திருந்ததை, அவரைக் கேட்காமல் நான் எடுத்துச் செலவழித்துவிட்டேன். அரங்கும் என்னோடு அழுது முடித்துவிட்டது. அதற்குப் பிறகு அவருக்கு என்ன மிச்சம்?

அண்மையில் இதே பொறுப்பு மீண்டும் வந்தது. இம்முறை பேச வந்தவர், 19 வயது மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த ஒரு தாய். (பறிகொடுத்த என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல்லுக்கு என்ன ஆனது என்பதைப் பிறகு சொல்கிறேன்.) பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. அவரை நான் அக்கா என்று அழைத்தேன், அவர் என்னைத் தம்பி என்றார். அந்த ஓர் அறிமுகத்தை நாங்கள் இருவரும் எப்படிச் செய்தோம் என்பதை மட்டும் எழுதுகிறேன். மேடையில் அது ஒன்றரை நிமிடம்தான். அதற்கு முன் 10 நாட்கள் ஆயின.

முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு. மின்னஞ்சலில் தன்விவரம் கேட்டு வாங்கி அதை அப்படியே வாசிப்பது சாதாரண உரைகளுக்குப் போதும், இதற்குப் போதாது. எழுதி அனுப்பும்போது மனிதர்கள் பிறர் எதிர்பார்ப்பதை எழுதுவார்கள். குரலில் கேட்டால்தான் எந்தச் சொல் வந்ததும் சற்று நிற்கிறார்கள், எதைச் சொல்லும்போது வேகமாகக் கடக்கிறார்கள் என்று தெரியும். நான் எழுதி வைத்திருந்த கேள்விகள் சில மட்டுமே. உங்களை யாரென்று சொல்லட்டும்? மகனுடைய பெயரை நான் சொல்லலாமா? இறப்பை எந்தச் சொல்லால் சொல்வது? எதை யாரும் கேட்கக்கூடாது? பேச்சின் நடுவில் நிறுத்த வேண்டியிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?

முதல் கேள்விக்கே அவர் நெடுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, "நான் 22 ஆண்டுகளாகக் கணக்கு ஆசிரியை. அதை முதலில் சொல்லுங்கள். எல்லோரும் என்னை அந்த ஒரு நாளில் பிறந்தவளைப் போல அறிமுகப்படுத்துகிறார்கள்" என்றார். அப்போதே அறிமுகத்தின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

மகனுடைய பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார். காரணம் நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்: "அந்தப் பெயரை நான்தான் அந்த அறைக்குள் கொண்டுவர வேண்டும்." இழந்தவர்களில் வேறு சிலர் நேர்மாறாகக் கேட்பதையும் பார்த்திருக்கிறேன். பெயரை யாருமே உச்சரிக்காமல் தயங்குவதுதான் அவர்களுக்குத் தாங்க முடியாதது. ஆகவே இதில் பொதுவிதி கிடையாது, கேட்பது ஒன்றே வழி.

இன்னொரு சிக்கல் எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. என் முதல் வரைவில் "இவருக்கு ஒரு மகள் இருக்கிறார்" என்று எழுதியிருந்தேன். இருப்பது மகள் மட்டும்தானே என்ற எண்ணம். அதைப் படித்துக் காட்டியதும், "எனக்கு 2 பிள்ளைகள், தம்பி" என்றார். "இருந்தார்கள்" என்றால் மகளையும் சேர்த்து இறந்த காலத்தில் தள்ளிவிடுகிறோம். "இருக்கிறார்கள்" என்றால் கேட்பவர்கள் குழம்புவார்கள். கடைசியில் "2 பிள்ளைகளின் தாய்" என்று வைத்தோம். தமிழில் அப்படி வினையே இல்லாமல் ஒரு வாக்கியத்தை முடிக்க முடிவது எவ்வளவு பெரிய உதவி என்று அன்றுதான் உணர்ந்தேன்.

அடுத்து அவனா, அவரா? 19 வயதில் இறந்த ஒருவரை மேடையில் எப்படிச் சொல்வது? "அவர்" என்று நான் சொன்னதும், "யாரோ பெரிய மனிதரைப் பற்றிப் பேசுவது போல இருக்கிறது" என்றார். "அவன்" என்றதும் அமைதியாகிவிட்டார். அந்த உரிமை தனக்கும் தன் வீட்டுக்கும் உரியது என்று அவர் சொல்லாமலே புரிந்தது. ஆகவே இரண்டையும் தவிர்க்கும்படி வாக்கியங்களைத் திருப்பி எழுதினேன். "இறந்தான்", "இறந்தார்" என்ற இடங்களில் "இறப்பு" என்ற பெயர்ச்சொல் வந்து அமர்ந்தது. கொஞ்சம் விறைப்பாகத்தான் இருந்தது. ஆனால் அந்த விறைப்பு யாரையும் காயப்படுத்தாது.

இறப்பைச் சொல்லும் சொல்லுக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டோம். நம் மொழியில் இதற்கு எத்தனையோ போர்வைகள் உண்டு. மறைந்தார், காலமானார், இறைவனடி சேர்ந்தார் என்பவை மூத்தவர்களின் இயல்பான மரணத்துக்குப் பழகிய சொற்கள். ஓர் இளைஞனின் இறப்புக்கு வைத்தால், எதையோ மறைக்கிறார்கள் என்று அரங்கு உடனே உணர்ந்துகொள்ளும், உரையைக் கேட்பதை விட்டுவிட்டு மறைத்ததைத் தேடத் தொடங்கும். செய்தித்தாள்களின் "விபரீத முடிவு" இன்னும் மோசம். முடிவு என்றதும் எல்லாவற்றையும் அலசிப் பார்த்துத் தெளிந்த மனத்தோடு எடுத்த தீர்மானம் போல ஆகிவிடுகிறது. தாங்க முடியாத வலியில் மனம் குறுகிப்போய் வேறு வழியே கண்ணில் படாத நிலையை அந்தச் சொல் ஏந்தவில்லை. "உயிரை மாய்த்துக்கொண்டார்" என்பதில் நாடகச் சாயல் இருக்கிறது. "பறிகொடுத்த தாய்" என்று நான் எழுதியிருந்ததையும் அக்கா நீக்கச் சொன்னார். "யாரோ வந்து பறித்துக்கொண்டு ஓடியது போல இருக்கிறது. நான் வாசலில் நின்று காவல் காக்கத் தவறியவள் போலவும் இருக்கிறது." அந்த இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டபின் அந்தச் சொல்லை என்னால் வைத்திருக்க முடியவில்லை. இந்தக் கட்டுரையின் மேலே அதை விட்டு வைத்திருப்பது, எவ்வளவு எளிதாக அது கையில் வந்து விழுகிறது என்று காட்டத்தான்.

தற்கொலை என்ற சொல்லையே தவிர்க்கலாமா என்று கேட்டேன். கூடாது என்றார் உறுதியாக. "அதற்குள் கொலை இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் அதை வாயில் எடுக்கவே தயங்கினால், வெட்கப்பட வேண்டிய ஒன்று என்று அறைக்கே சொல்லிக்கொடுத்ததாக ஆகும்." "தற்கொலையால் நேர்ந்த இறப்பு" என்று தீர்மானித்தோம். புற்றுநோயால் நேர்ந்த இறப்பு, விபத்தால் நேர்ந்த இறப்பு என்பதைப் போல. சொல் நேராகவும் இருக்கிறது, குற்றம் சாட்டவும் இல்லை.

இந்த இறப்பைப் பற்றிப் பொதுவெளியில் பேசுவோர் தவிர்க்க வேண்டியவற்றை உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கான வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எப்படி நடந்தது, எங்கே நடந்தது என்று விவரிக்கக்கூடாது. ஒற்றைக் காரணத்தைச் சுட்டக்கூடாது. அழகுபடுத்தவோ, பிரச்சினைக்கு ஒரு தீர்வு போலக் காட்டவோ கூடாது. உதவி எங்கே கிடைக்கும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். செய்தியாளர்களுக்காக எழுதப்பட்ட இவை அறிமுகம் செய்பவருக்கும் அப்படியே பொருந்தும். குறிப்பாக அந்த ஒற்றைக் காரணம். "தேர்வில் தோற்றதால்", "காதல் கைகூடாததால்" என்ற அரை வாக்கியம் அறிமுகத்தில் மிக இயல்பாக நழுவி விழும், ஏனெனில் கேட்பவர்கள் மனத்தில் எழும் முதல் கேள்வி "ஏன்" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ஆண்டுக்கணக்காக விழித்திருக்கும் ஒரு தாயின் முன்னால், ஐந்து விநாடியில் நாம் அதை முடித்துவைக்கக் கூடாது. அதே அரங்கில் தேர்வில் தோற்ற இன்னொரு பிள்ளையும் உட்கார்ந்திருக்கலாம்.

பாராட்டுச் சொற்களுக்கு வருகிறேன். "மீண்டு வந்தவர்", "துயரத்தை வென்றவர்", "இழப்பை ஏற்றுக்கொண்டவர்". நான் அந்த மனிதருக்குச் செய்த தவறு இதுதான் என்பதால் இதில் எனக்குக் கூடுதல் கவனம். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளைச் சொல்வார்கள் அல்லவா? 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் அதை முன்வைத்தபோது அவர் அடிப்படையாகக் கொண்டது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளுடன் நடத்திய உரையாடல்களை. பின்னர்தான் அது இழந்தவர்களின் துயரத்துக்கும் வரைபடமாகப் பரவியது. துயரத்தில் இருப்பவர்கள் அப்படி வரிசையாகப் படியேறிக் கடைசிப் படியில் போய் நிற்பதில்லை. 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷூட் என்ற இரு ஆய்வாளர்கள் தந்த விளக்கம், நான் பார்த்த மனிதர்களுக்கு அதிகம் பொருந்துகிறது. இழந்தவர் ஒரு நேரம் இழப்பின் பக்கம் திரும்புகிறார், இன்னொரு நேரம் வாழ்க்கையின் புதிய வேலைகளின் பக்கம் திரும்புகிறார். ஊஞ்சல் போல இந்தப் போக்குவரத்து நடந்துகொண்டே இருக்கிறது. இரண்டும் தேவையானவை.

இதில் அறிமுகம் செய்பவருக்கு ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் சிரித்துப் பேசியவர் சனிக்கிழமை மேடையில் அதே இடத்தில் இருக்கமாட்டார். "மிகத் தெளிவாக, அமைதியாகப் பேசுவார்" என்று அறிமுகத்தில் வாக்குக் கொடுத்துவிட்டால், அன்று அவர் அழுவது ஒரு தோல்வியாகத் தெரியும். "நெஞ்சை உலுக்கும் உரை" என்று சொல்லிவிட்டால், அன்று அவர் சிரித்தபடி மகனுடைய குறும்புகளைச் சொல்வது ஏமாற்றமாகத் தெரியும். எந்த உணர்ச்சியையும் முன்கூட்டி அறிவிக்காமல் இருந்தால் அவர் எந்த நிலையில் வந்தாலும் அந்த மேடை அவரை ஏற்கும். அதற்காக என் வரைவிலிருந்து உரிச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். துணிச்சலான என்பதும் போயிற்று. "துணிச்சல் என்றால் தேர்ந்தெடுக்க வேறு ஏதோ இருந்தது என்றாகும்" என்றார் அக்கா.

பேச்சின் நடுவே நிறுத்துவதற்கு ஓர் ஏற்பாடு செய்தோம். மேசையில் தண்ணீர்க் குவளை இருக்கும். அதை எடுத்துக் குடித்தால் ஒன்றுமில்லை, காத்திருக்கலாம். கையிலிருக்கும் தாளைக் கவிழ்த்து வைத்தால் நான் எழுந்து சென்று, "இங்கே நிறுத்திக்கொள்கிறோம், நன்றி" என்று மட்டும் சொல்ல வேண்டும். காரணமோ மன்னிப்போ சேர்க்கக்கூடாது. அவருடைய மகள் முதல் வரிசையின் ஓரத்தில் அமர்வதாகவும் முடிவாயிற்று.

இனி அரங்கில் இருப்பவர்களைப் பற்றி. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் உலகில் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் தற்கொலையால் இறக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு வீடு, ஒரு வகுப்பு, ஒரு அலுவலகம் இருக்கிறது. 60 பேர் அமர்ந்திருக்கும் அறையில் இதை அருகிலிருந்து அறிந்த யாரோ இருக்கிறார் என்று வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். "நம்மால் கற்பனைகூடச் செய்ய முடியாத துயரம்" என்று நான் வழக்கமாகச் சொல்லும் வரியை அதனால் விட்டேன். கற்பனை செய்யத் தேவையே இல்லாத ஒருவர் அங்கே இருப்பார், அந்த "நம்" என்ற வட்டத்திலிருந்து அவரை வெளியே நிறுத்திவிடுவோம்.

முன்னெச்சரிக்கை சொல்ல வேண்டுமா என்ற கேள்வி இருக்கிறது. நான் வெகுநாள் நம்பியிருந்தது, "கேட்பதற்குக் கடினமாக இருக்கும், மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் கேட்பவர்களுக்குப் பாதுகாப்பு என்று. இத்தகைய எச்சரிக்கைகளைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்த ஒரு தொகுப்பாய்வு 2023இல் வெளிவந்தது. எச்சரிக்கை கேட்டவர்களுக்குப் பின்னால் வரும் வேதனை குறையவில்லை, கேட்பதற்கு முந்தைய பதற்றம் மட்டும் கூடியது என்பது அதன் முடிவு. அதைப் படித்தபின் என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். பயமுறுத்தும் தொனியை விட்டுவிட்டேன், தகவலை விடவில்லை. பொருள் என்ன, எவ்வளவு நேரம், எது பேசப்படாது, கதவு எங்கே, வெளியே யார் இருக்கிறார்கள். இந்த ஐந்தையும் ரயில் புறப்படும் நேரத்தைச் சொல்வது போன்ற சாதாரணக் குரலில் சொன்னால் போதும். உரையின் பொருளை அழைப்பிதழிலேயே அச்சிடவும் செய்தோம். மேடையில் சொல்லும்போது அனைவரும் அமர்ந்துவிட்டிருப்பார்கள். அப்போது எழுந்து போவது யாருக்கும் எளிதல்ல.

கதவு என்றேன். அதற்கும் வேலை இருக்கிறது. மேடையை ஒட்டிய கதவு வழியாக யாரும் வெளியேற மாட்டார்கள், எல்லோரும் பார்ப்பார்கள். பின்பக்கக் கதவைத் திறந்து வைத்து, அது காற்றில் அடித்துக்கொள்ளாதபடி கட்டை வைத்தோம். கடைசி இரண்டு வரிசைகளின் ஓர இருக்கைகளைக் காலியாக விட்டோம். பக்கத்து அறையில் ஒரு மனநல ஆலோசகர். உதவி எண்ணை ஒவ்வொரு நாற்காலியிலும் அட்டையாக வைத்தோம். முந்தைய நாள் மாலை அந்த எண்ணை நானே அழைத்து, மறுமுனையில் ஒரு மனிதர் பேசுகிறாரா என்று உறுதிப்படுத்திக்கொண்டேன். வேலை செய்யாத எண்ணைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமலிருப்பது மேல். எல்லாருடைய நாற்காலியிலும் அட்டை இருந்ததால், எடுத்துப் பையில் வைப்பவர் தனித்துத் தெரியவில்லை.

கடைசியில் நான் மேடையில் வாசித்தது இதுதான்.

"வணக்கம். அடுத்த 40 நிமிடங்கள், ஒரு மகனுடைய இறப்பைப் பற்றியும் அதற்குப் பிறகு ஒரு வீடு எப்படி நடக்கிறது என்பதைப் பற்றியும் கேட்கப்போகிறோம். அது தற்கொலையால் நேர்ந்த இறப்பு. 3 ஆண்டுகள் ஆகின்றன. எப்படி நடந்தது என்ற விவரங்கள் இந்த உரையில் இல்லை. கேள்வி நேரத்திலும் அதைக் கேட்க வேண்டாம்.

உங்களில் சிலருக்கு இது மிக அருகில் உள்ள விஷயமாக இருக்கலாம். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம், திரும்பி வரலாம். பின்பக்கக் கதவு திறந்தே இருக்கும். அதற்கு இடப்பக்க அறையில் மனநல ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். உரை முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் இருப்பார். உங்கள் நாற்காலியில் உள்ள அட்டையில் உதவி எண் இருக்கிறது.

இன்று பேசுபவர் 22 ஆண்டுகளாகக் கணித ஆசிரியை. 2 பிள்ளைகளின் தாய். தற்கொலையால் உறவை இழந்தவர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் ஒரு குழுவைக் கடந்த 2 ஆண்டுகளாக நடத்திவருகிறார். அங்கே கற்றதை நம்மோடு பகிர வந்திருக்கிறார்."

பிறகு அவர் பெயர். அதற்குப் பின் ஒரு சொல்லும் இல்லை.

இதன் வரிசையைக் கவனித்தால் கனமானது முதலில் வந்துவிடுகிறது, அறையின் ஏற்பாடுகள் நடுவில், மனிதர் கடைசியில். வழக்கமான அறிமுகத்தில் மனிதரின் சாதனைகளை அடுக்கிவிட்டுப் பொருளைக் கடைசியில் அறிவிப்போம். இங்கே அப்படிச் செய்தால் "தற்கொலை" என்ற சொல் அறையில் ஒலித்த அதே நொடியில் அவர் எழுந்து நடக்க வேண்டியிருக்கும். 60 பேரின் முதல் அதிர்ச்சியும் அவர் முகத்தில் வந்து விழும். முதலிலேயே சொல்லிவிட்டால் அந்த அதிர்ச்சியை நான் வாங்கிக்கொள்கிறேன். கதவு, அட்டை, அறை என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும் அரை நிமிடத்தில் அறை மூச்சுவிட்டுக்கொள்கிறது. அவர் எழும்போது அவர்கள் காதில் கடைசியாக ஒலித்தது கணித ஆசிரியை, குழு, அவர் பெயர்.

குரலைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. இரங்கல் கூட்டத்தில் பேசுவது போலக் குரலைத் தாழ்த்தி இழுத்து வாசிப்பதை அன்பு என்று நினைக்கிறோம். கேட்பவர்களுக்கு அது, "இப்போது அழ வேண்டும்" என்ற உத்தரவாகப் போய்ச் சேர்கிறது. சாதாரண ஒலியில், வழக்கத்தைவிடச் சற்றே நிதானமாக, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லையும் முழுதாக முடித்து வாசிக்க வேண்டும். நம் வாக்கியங்களில் வினை கடைசியில் வருவதால், இறுதியில் குரல் கரைந்துவிட்டால் பொருளே கரைந்துவிடும். "எழுந்து போகலாம்" என்பதில் "லாம்" கேட்காமல் போனால் ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய அனுமதி கிடைக்காமல் போகிறது.

என் குரல் எங்கே உடையும் என்பதை வீட்டில் உரக்க வாசித்துத்தான் கண்டுபிடித்தேன். முதல் வரைவில் "19 வயது" என்று வரும் இடம். ஆறு முறை வாசித்தேன், ஆறு முறையும் அங்கே தொண்டை அடைத்தது. அந்த வயது கேட்பவர்களுக்கு என் வாயிலிருந்து தேவையா என்று யோசித்தேன். தேவையில்லை, அக்கா சொல்வார். எடுத்துவிட்டேன். எடுக்க முடியாத சொல்லாக இருந்தால், அதற்கு முன் முழு மூச்சு எடுக்கும்படி வாக்கியத்தை உடைத்திருப்பேன். அப்படியும் மேடையில் குரல் நின்றுவிட்டால் நின்றுவிடட்டும். மூச்சு எடுத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசித்தால் போதும். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால் அரங்கின் கவனம் பேச வந்தவரை விட்டு நம்மைத் தேற்றுவதில் போய்விடும்.

முழு வரைவையும் கூட்டத்துக்கு 3 நாள் முன்பு தொலைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். அனுப்பிப் படிக்கச் சொல்லவில்லை, காதால் கேட்க வைத்தேன், ஏனென்றால் அன்று அவர் அதைக் காதால்தான் கேட்கப்போகிறார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு புதிய சொல்லை முதல் முறையாகக் கேட்பது போன்ற ஆபத்து வேறில்லை. அதனால் ஒப்புக்கொண்ட பிறகு ஒரு சொல்லையும் மாற்றவில்லை. மேடையில் நின்றபோது அந்த நேரத்து உணர்ச்சியில் ஏதேனும் சேர்த்துச் சொல்லத் தோன்றியது உண்மை. சேர்க்கவில்லை.

பெயரைச் சொன்னதும் கைதட்டல் எழுந்தது. அதைத் தடுக்கவோ தூண்டவோ நான் முயலவில்லை. அவர் ஒலிவாங்கியை அடையும் வரை அங்கேயே நின்றேன். தோளில் கை வைக்கவில்லை, அதையும் முன்பே கேட்டிருந்தேன். பிறகு அவர் கண்ணில் படும்படி பக்கவாட்டு நாற்காலியில் அமர்ந்தேன். அவர் அரங்கைப் பார்த்தார், தாளைப் பிரித்தார். முதல் சொல்லாக மகனுடைய பெயரைச் சொன்னார்.

அன்று தாள் கவிழவில்லை, தண்ணீர் இரண்டு முறை தேவைப்பட்டது. பின்பக்கக் கதவு வழியாக மூவர் போனார்கள், ஒருவர் திரும்பி வந்தார். உரை முடிந்தபின் சற்று நேரம் யாரும் அசையவில்லை. உடனே ஒலிவாங்கியைப் பிடித்து நன்றி சொல்லி அந்த அமைதியை நிரப்ப என் கால்கள் துடித்தன. மனத்துக்குள் பத்து வரை எண்ணினேன். பிறகு அவர் பெயரைச் சொல்லி நன்றி கூறி, கதவையும் பக்கத்து அறையையும் அட்டையையும் மீண்டும் ஒருமுறை நினைவூட்டினேன். கேள்விகள் தாளில் எழுதி வந்தன. "முன்பே தெரியவில்லையா?" என்று ஒரு தாளில் இருந்தது. கெட்ட எண்ணத்தில் எழுதியதாக நான் நினைக்கவில்லை. வாசிக்காமல் அடியில் வைத்தேன்.

மறுநாள் மாலை அவரை அழைத்தேன். கூட்டம் முடிந்த இரவைவிட மறுநாள்தான் பேசியவர்களுக்குக் கனமாக இருக்கும் என்பது என் அனுபவம். அவர் சோர்வாக இருந்தார், தூங்கி எழுந்ததாகச் சொன்னார். சில மாதங்கள் கழித்து வேறொரு கூட்டத்தில் பேச ஒப்புக்கொண்டிருப்பதாகவும், அந்த அறிமுகத்தையே அங்கேயும் வாசித்துவிடலாமா என்று அங்குள்ளவர்கள் கேட்டதாகவும் சொன்னார்.

"கொடுக்கட்டுமா, அக்கா?"

"கொடுங்கள். ஆனால் அவர்களையும் எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், தம்பி. அந்தக் கூட்டம் நடக்கும்போது 4 ஆண்டுகள் ஆகியிருக்கும். பெயரை யார் சொல்ல வேண்டும் என்று அப்போது எனக்கு எப்படித் தோன்றுமோ, தெரியவில்லை."